ரன்னிங் பேலன்ஸ் +1,100 என்கிறது, நோயாளிக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது: சார்ட்டில் எங்கே தப்பு?

பாகூர்ப் பெண்

வணக்கம். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்ஜரி வார்டில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்குக் காலை நைட் சிஸ்டரிடம் ஹேண்டோவர் வாங்கியதிலிருந்து ஒரு தாள் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆனவர், 58 வயது, மூன்றாம் நாள். வாய்வழியாக எதுவும் கிடையாது. இரைப்பையில் தேங்குவதை வெளியே எடுக்க மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், யூரின் டியூப், வயிற்றில் ஒரு டிரெயின். எங்கள் வார்டில் காலை 8 மணிக்குப் புதுத் தாள், ரன்னிங் பேலன்ஸ் சைபரில் தொடங்கும். அந்த 24 மணி நேரத்துக்கு எழுதியிருந்தது இது, எல்லாம் மி.லி.:

காலை ஷிப்ட் 8 முதல் 2: உள்ளே 1,200, வெளியே 650, பேலன்ஸ் +550, ரன்னிங் +550
மாலை 2 முதல் 8: உள்ளே 1,000, வெளியே 600, பேலன்ஸ் +400, ரன்னிங் +950
இரவு 8 முதல் 8: உள்ளே 1,200, வெளியே 1,350, பேலன்ஸ் 150, ரன்னிங் +1,100

ரவுண்ட்ஸில் டாக்டர் கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். ட்ரிப்ஸ் போட்டிருந்த கை வேறு கொஞ்சம் வீங்கியிருந்தது. தண்ணீர் தேங்குகிறது போல, அதை யூரினாக வெளியேற்ற லாசிக்ஸ் ஒன்று போடலாம் என்றார். நான் தயங்கித் தயங்கி, சார் நாக்கு வறண்டிருக்கிறது, பல்ஸ் 110, யூரின் தேயிலைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவர் திரும்பி வந்து நாக்கைப் பார்த்தார், கையை அழுத்திப் பார்த்தார். வீக்கம் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி மட்டும்தான், ட்ரிப்ஸ் நரம்பை விட்டு வெளியே போயிருந்தது. சரி, லாசிக்ஸ் வேண்டாம், முதலில் அந்த சார்ட்டை ஒழுங்காகச் சரிபார்த்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

எப்படிச் சரிபார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டிப் பார்த்தேன், ஏதோ இடிக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை.

நெய்வேலி கணக்கர்

நான் மருத்துவத் துறை இல்லை, 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் இது கணக்குதானே, அதனால் சொல்கிறேன்.

ரன்னிங் பேலன்ஸைத் தொடாதீர்கள். உள்ளே போனதை மட்டும் மேலிருந்து கீழே கூட்டுங்கள்: 3,400. வெளியே வந்ததைக் கூட்டுங்கள்: 2,600. வித்தியாசம் 800. தாள் சைபரில் தொடங்கியிருந்தால் கடைசி வரியும் 800 என்றுதான் இருக்க வேண்டும், 1,100 என்று இருக்கிறது, 300 அதிகம். இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள். 150. இரவு ஷிப்டில் அதே 150 உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டார்கள். ஒரு தொகை மாற்றுப் பக்கத்தில் விழுந்தால் வித்தியாசம் அதன் இரண்டு மடங்காக வரும், எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆக, +800. தாள் சரியாகிவிட்டது.

பாகூர்ப் பெண்

ஐயா, மிக்க நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன், இரவு வரியில் 150 என்று மட்டும் எழுதியிருக்கிறது, முன்னால் மைனஸ் கோடு இல்லை. 950-க்குக் கீழே 150 இருந்தால் காலை ஏழரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் கூட்டத்தான் தோன்றும்.

ஆனால் +800 என்றாலும் நாக்கு ஏன் வறண்டது?

பண்ருட்டித் தம்பி

அக்கா, நான் நர்சிங் மூன்றாம் வருடம். இதுக்குத்தான் எக்செல் போடலாம் என்கிறேன். உள்ளே B, வெளியே C, ரன்னிங் D என்று வைத்து, D2-வில் 0 போட்டு, முதல் ஷிப்டை மூன்றாம் வரிசையில் தொடங்கினால் D3-க்கு ஒரே வரி:

```
=D2+B3-C3
```

கீழே இழுத்துவிட்டால் போதும், மைனஸ் மறக்கவே மறக்காது. பேப்பர் சார்ட் வைத்திருக்கும் வரை இந்தத் தப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

முதுநகர் அக்கா

தம்பி, கணக்கர் ஐயா, இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் நீங்கள் பார்த்தது எழுதிய எண்களுக்குள் இருக்கும் பொருத்தத்தை மட்டும். எழுதிய எண் உடம்புக்குள் போன தண்ணீர்தானா என்பது வேறு கேள்வி, அதை எக்செல்லும் கேட்காது. கடலூரில் ஐசியூவில் 19 வருடம் இருந்தேன், கூட்டலில் தப்பில்லாத பொய் சார்ட் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் அதில் ஆபத்து.

பாகூர்ப் பெண்ணே, மொத்தத்தை விடு. ஒவ்வொரு ஷிப்டிலும் உள்ளே என்னென்ன, வெளியே என்னென்ன என்று பிரித்துப் போடு. அதோடு ட்ரிப்ஸ் ஆர்டர் தாளில் ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை மணிக்கு மாட்டினார்கள் என்று இருக்கும், அதையும் போடு. நோயாளி பெயர், படுக்கை எண், போட்டோ எதுவும் இங்கே வேண்டாம்.

வில்லியனூர் மகன்

நல்ல சமயத்தில் இந்தப் பேச்சு வந்தது. என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம் என்று சொல்லி ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஒழுங்காக எழுதுகிறார், நாங்கள் 900 தாண்டவே இல்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ, மூன்று கிலோ ஏறிப் போய் நிற்கிறார், அங்கே திட்டு வாங்குகிறோம். எங்கள் ரன்னிங் பேலன்ஸிலும் தப்பு இருக்குமா?

முதுநகர் அக்கா

தம்பி, அப்பாவுக்கு ரன்னிங் பேலன்ஸ் என்று தனியாக எதுவும் தேவையில்லை, அவருக்குச் சிறுநீர் அனேகமாக வராது, ஏறின எடைதான் அவருடைய பேலன்ஸ். இந்த நோயாளி கதை வேறு. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், ஒன்று சொல்கிறேன்: அம்மா எழுதும் டம்ளரை எடுத்து அளந்து பாருங்கள். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரை எல்லோரும் 150 என்று எழுதுகிறார்கள், தண்ணீர் ஊற்றி அளந்தால் 220 வரும். அப்புறம் ரசம், கஞ்சி, மோர், சாதத்தின் மேல் ஊற்றிய சாம்பார், மாத்திரைக்குக் குடித்த தண்ணீர், இதெல்லாம் தாளில் இருக்கிறதா? உப்பு எவ்வளவு சேர்கிறது என்பதையும் பாருங்கள், உப்பு இருந்தால் தாகம் விடாது. அளவை நீங்களே மாற்றாதீர்கள், டயாலிசிஸ் டாக்டரிடம் இந்தத் தாளையே காட்டிக் கேளுங்கள்.

வில்லியனூர் மகன்

ரசம் எழுதவே இல்லை. டம்ளரை இப்போதே அளக்கச் சொல்கிறேன்.

பாகூர்ப் பெண்

டியூட்டி முடித்து இப்போதுதான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். அக்கா கேட்டது இதோ.

காலை, உள்ளே: ரிங்கர் லாக்டேட் 500, மறுபடி ரிங்கர் லாக்டேட் 500, ஆன்டிபயாட்டிக் கலந்தது 100, மெட்ரோ என்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக் 100. வெளியே: யூரின் 300, ரைல்ஸ் 250, டிரெயின் 100.

மாலை, உள்ளே: ரிங்கர் லாக்டேட் 400, டிஎன்எஸ் 500, மெட்ரோ 100. வெளியே: யூரின் 250, ரைல்ஸ் 300, டிரெயின் 50.

இரவு, உள்ளே: ரிங்கர் லாக்டேட் 500, நார்மல் சலைன் 500, ஆன்டிபயாட்டிக் 100, மெட்ரோ 100. வெளியே: யூரின் 600, ரைல்ஸ் 650, டிரெயின் 100.

ஆர்டர் தாளில் மாட்டிய நேரம்: காலை 8:15, மதியம் 1:10, மாலை 5:30, இரவு 9, பின் 2:30. ஐந்து பெரிய பாட்டில்தான். கடைசி பாட்டில் காலை ஏழரைக்கு முடிந்தது, 8 மணிக்கு எதுவும் ஓடவில்லை.

முதுநகர் அக்கா

ஐந்து பெரிய பாட்டில் என்றால் 2,500. சின்ன 100 பாட்டில் காலை இரண்டு, மாலை ஒன்று, இரவு இரண்டு, அதுவும் ஐந்து, 500. ஆக மொத்தம் 3,000 தான் போயிருக்க முடியும். தாளில் 3,400. அந்த 400 எங்கேயிருந்து வந்தது?

மாலை முதல் வரியைப் பார். ரிங்கர் லாக்டேட் 400. 400 மி.லி. பாட்டிலை யாரும் மாட்டவில்லை. காலை ஷிப்டில் 1:10-க்கு இரண்டாவது பாட்டிலை மாட்டியவுடனே 500 என்று எழுதிவிட்டார்கள். 2 மணிக்கு அதில் சுமார் 100 தான் ஓடியிருக்கும். மாலை சிஸ்டர் வந்து பாட்டிலைப் பார்த்தார், 400 மீதி, அது தன் ஷிப்டில் போகப் போகிறது என்று 400 எழுதினார். அவர் செய்தது சரி. காலையில் எழுதியதுதான் தவறு. ஒரே பாட்டில் 900 ஆகிவிட்டது.

பாட்டிலை மாட்டும்போது எழுதக் கூடாது, ஷிப்ட் முடியும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். நான் இருந்த வார்டில் இரண்டு சிஸ்டரும் சேர்ந்து பாட்டில் முன்னால் நின்று, பிளாஸ்டரில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு மணி எழுதுவோம். மேஜையில் உட்கார்ந்து ஹேண்டோவர் சொன்னால் இந்த 400 எப்போதும் வரும்.

இப்போது 3,000-த்தில் 2,600 போனால் +400. கணக்கர் ஐயாவின் 800-லேயே பாதிதான் நிஜம்.

நெய்வேலி கணக்கர்

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. கையிருப்பை எண்ணாமல் பேரேட்டை மட்டும் கூட்டினேன். எங்கள் கடையில் என்றால் நானே சரக்கை எண்ணச் சொல்லியிருப்பேன், இங்கே பாட்டில்தான் சரக்கு என்று தோன்றவில்லை.

முதுநகர் அக்கா

இன்னும் முடியவில்லை ஐயா. உள்ளே போனதை எண்ணிவிடலாம், பாட்டில் இருக்கிறது. வெளியே வந்தது கொட்டிப் போனால் போனதுதான், அதனால் அங்கே தப்பு பெரும்பாலும் குறைவாக எழுதும் பக்கமாகத்தான் இருக்கும்.

பாகூர்ப் பெண்ணே, யூரின் வரியைப் பார்த்தேன், காலை மணிக்கு 50, மாலை 40 சொச்சம், இரவு 50, ஒன்றோடொன்று ஒத்துப் போகிறது. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30-க்குக் குறையக் கூடாது என்று பார்ப்போம், அதுக்கு மேலேதான் இருக்கிறது. ரைல்ஸ்தான் எனக்கு உறுத்துகிறது. மாலை 300 என்று ரவுண்டாக இருக்கிறதே, அது ஒரு தடவை அளந்ததா, இரண்டு தடவை அளந்ததைக் கூட்டியதா? நேர வரியில் எத்தனை பதிவு? அப்புறம் கூட இருப்பவர் யார்? அவரிடம் கேட்டாயா?

லாஸ்பேட்டை டியூட்டி

நானும் ஒரு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தத் தாளைத் தோண்டுவதில் இவ்வளவு நேரம் செலவழிப்பதைவிட எடை பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. முந்தின நாள் காலை எடையும் இன்றைக்குக் காலை எடையும் இருந்தால் தாள் சொல்வது நிஜமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். இந்தத் தாளில் காய்ச்சல், வியர்வை, மூச்சில் போவது எதுவும் இல்லை. 38.5 காய்ச்சலோடு நம் ஊர் மே மாத வெயிலில் ஏசி இல்லாத வார்டில் கிடந்தால் 800-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும். அதைக் கழித்தால் +400 எல்லாம் மைனஸ்தான்.

முதுநகர் அக்கா

டாக்டர் தம்பி, எடை பார்க்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நேற்று டிரெஸ்ஸிங்கோடு, இன்றைக்கு நனைந்த பெட்ஷீட் சுற்றிக்கொண்டு, யூரோபேக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் எடையும் ஒரு கிலோ பொய் சொல்லும். எழுந்து நிற்க முடியாதவருக்கு அதுவும் கிடையாது. எடை தப்பு இருக்கிறது என்று காட்டும், எந்த ஷிப்டில் எந்த வரியில் என்று காட்டாது. ரைல்ஸில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் நீங்கள் எதை ஈடு கட்டுவீர்கள்?

வியர்வை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அளக்காத எண்ணை அவுட்புட் வரிசையில் எழுதக் கூடாது. ஒரு சிஸ்டர் 500 போடுவார், இன்னொருவர் 1,000 போடுவார், பிறகு அந்தப் பேலன்ஸுக்கு அர்த்தமே இல்லை. காய்ச்சல் இருந்தது, இரண்டு தடவை சட்டை நனைந்து மாற்றினோம் என்று குறிப்பில் எழுதட்டும், மீதியை டாக்டர் மனதில் வைத்துப் பார்க்கட்டும்.

லாஸ்பேட்டை டியூட்டி

குறிப்பை யார் படிக்கிறார்கள்? ரவுண்ட்ஸில் 30 பேரைப் பார்க்கிறவர் கண்ணுக்குப் படுவது கடைசி எண் ஒன்றுதான், இந்த இழையே அதுக்குச் சாட்சி. எங்கள் யூனிட்டில் நாளுக்கு ஒரு தடவை, காலையில், உத்தேச இழப்பு என்று தனிக் கட்டத்தில் டாக்டரே எழுதுகிறோம். நர்ஸ் எழுத வேண்டியதில்லை.

முதுநகர் அக்கா

தனிக் கட்டம் என்றால் பரவாயில்லை. அளந்த வரிசையோடு கலக்காத வரைக்கும்.

பண்ருட்டித் தம்பி

எங்கள் கிளினிக்கல் போஸ்டிங்கில் உத்தேசத்தையும் சேர்த்தே மொத்தத்தில் கழிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

பாகூர்ப் பெண்

இன்றைக்குக் காலை டியூட்டிக்குப் போனவுடனே அவர் மனைவியிடம் போய் உட்கார்ந்தேன். கடலூர் பக்கம் மீன் விற்கிறவர், பள்ளிக்கூடம் நான்காவதோடு நின்றவர். இடுப்பில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார், தினக் கணக்கு எழுதும் நோட்டு, அதில் அவர் கணவருக்கு என்ன நடந்தது என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தபோது கை நடுங்கியது. முந்தாநாள் மாலை 5 மணிக்கு நேரே எழுதியிருக்கிறது: பச்சைத் தண்ணி பை கனமாச்சு, ஆயா கொட்டினாங்க, கோடு 350.

ரைல்ஸ் பையில் போட்டிருக்கும் கோட்டை அவரே பார்த்து எழுதியிருக்கிறார். சார்ட்டில் மாலை ரைல்ஸுக்கு ஒரே ஒரு பதிவு, இரவு 7:45-க்கு 300. ஐந்து மணிக்குக் கொட்டியது வரவே இல்லை. மாலை சிஸ்டரிடம் கேட்டேன், ஸ்கேனுக்குக் கீழே அழைத்துப் போகிற அவசரத்தில் பை நிறைந்திருக்கிறது என்று ஆயாவிடம் சொன்னேன், திரும்பி வந்தபோது காலியாக இருந்தது, மறந்துவிட்டேன் என்றார். வருத்தப்பட்டார். ஆயா கேட்டால் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். பஞ்சை நனைத்து உதட்டில் தடவினேன், அவ்வளவுதான் என்றார்.

ஆக வெளியே 2,600 இல்லை, 2,950. உள்ளே 3,000. பேலன்ஸ் +50. ஷிப்ட் வாரியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்: காலை 800 உள்ளே, 650 வெளியே, +150. மாலை 1,000-க்கு 950, ரன்னிங் +200. இரவு −150, ரன்னிங் +50. எடையும் பார்த்திருக்கிறார்கள், அதே மெஷினில், முந்தாநாள் காலை 62.0, நேற்றுக் காலை 61.3.

லாஸ்பேட்டை டியூட்டி

+50 என்று வைத்து வியர்வையையும் மூச்சையும் கழித்தால் 700 கிராம் குறைவு அப்படியே பொருந்துகிறது. தாள் 1,100 என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார். லாசிக்ஸ் போகாமல் நின்றது உங்களால்தான்.

இன்னொன்று: ரைல்ஸ் 250, 650, 650 என்று பார்த்தால் 24 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பச்சையாக வந்திருக்கிறது. குடல் இன்னும் அசையவில்லை என்று அர்த்தம். மாலை 300 என்று எழுதியிருந்ததால் ஏதோ நிதானமாக ஏறுகிற மாதிரித் தெரிந்தது. பொட்டாசியம் பார்த்தார்களா?

பாகூர்ப் பெண்

பார்த்தார்கள் சார், 3.1, குறைவுதான். நான் திருத்திய கணக்கைக் காட்டியவுடனே ரைல்ஸில் போகிற அளவுக்கு நார்மல் சலைன், அதில் பொட்டாசியம் சேர்த்து, பம்பில் மெதுவாகப் போடச் சொல்லி எழுதினார். இனி ரைல்ஸை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து சொல்லச் சொன்னார்.

அக்கா, ஒரு சந்தேகம். பழைய தாளை என்ன செய்வது? இன்சார்ஜ் புதுத் தாளில் சுத்தமாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடலாம் என்கிறார். யாருக்கும் கெட்ட பெயர் வர வேண்டாம் என்று.

முதுநகர் அக்கா

கிழிக்காதே. ஒயிட்னர் போடாதே, எண்ணின் மேலேயே அழுத்தி எழுதாதே. தவறான எண்ணின் குறுக்கே ஒற்றைக் கோடு, பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், உன் கையெழுத்து, தேதி, மணி. விடுபட்ட 350-ஐ 5 மணி வரிசையில் நுழைக்காதே, நீ அதை இன்றைக்குத்தான் அறிந்தாய். இன்றைய தேதியிட்டு, தாமதப் பதிவு, கூட இருந்தவர் சொன்னது, பையின் கோட்டில் பார்த்த அளவு என்று எழுது. பையில் இருக்கும் கோடு ஜாடியில் ஊற்றி அளப்பது போலச் சரியாக இருக்காது, படுத்த நிலையில் 30, 50 முன்னே பின்னே வரும், அதனால் அது எங்கேயிருந்து வந்த எண் என்று தெரிய வேண்டும். பழைய தாளை நம்பி யாராவது ஒரு மருந்து முடிவு செய்திருந்தால் அந்தத் தாள் இருந்தாக வேண்டும். இன்சார்ஜிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் லாசிக்ஸ் பேசினார் என்பதை மட்டும் சொல்லு.

நெய்வேலி கணக்கர்

எங்களிடமும் அதே முறைதான் அம்மா. பேரேட்டில் அழிப்பான் கிடையாது.

பாகூர்ப் பெண்

ஒற்றைக் கோடு போட்டுத்தான் எழுதினேன். இன்சார்ஜ் முகம் சரியில்லை, ஆனால் தடுக்கவில்லை.

இன்று 2 மணி ஹேண்டோவரை மேஜையில் கொடுக்காமல் படுக்கைக்கே போகலாமா என்று மாலை சிஸ்டரிடம் கேட்டேன், வந்தார். பாட்டிலில் 180 மீதி. பிளாஸ்டரில் கோடு போட்டோம். ஆயாவுக்கு ஒரு லிட்டர் அளவு ஜாடியைக் கொடுத்து, கொட்டும் முன் இதில் ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இரவு ஷிப்டுக்கு இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, 24 படுக்கைக்கு இரண்டு பேர்தான், எல்லாப் படுக்கைக்கும் போய் நிற்க முடியாது என்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

முதுநகர் அக்கா

எல்லாப் படுக்கைக்கும் வேண்டாம். டியூப், டிரெயின், பம்ப் இருக்கிற நான்கைந்து பேருக்கு மட்டும் நிற்கச் சொல்லிப் பார். மைனஸ் விழுந்தால் சிவப்புப் பேனாவில் எழுதச் சொல். அந்த அம்மாவின் நோட்டை அவரிடமே விட்டுவிடு, தினமும் காலையில் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்.

வில்லியனூர் மகன்

டம்ளர் 240 பிடிக்கிறது. நாங்கள் இத்தனை நாளாக 150 என்று எழுதியிருக்கிறோம்.